20 பேருக்கு விளைமீன் குழம்பு, ஆளுக்கு அதே கலோரி: தராசு வச்சு சமைச்ச அனுபவம்

மண்டபம் பக்கம் எங்க வீடு. லீவு விட்டா போதும், மதுரை பரமக்குடின்னு எல்லா ஊர் சொந்தமும் இங்கதான் வந்து எறங்கும், மத்தியானப் பந்திக்கு இருபது இலை கண்டிப்பா விழும். அப்பாவுக்கு சுகர், மதினி வெயிட் குறைக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுக்குக் கணக்கு இருக்கு. நாலு பேருக்கு வைக்கிற குழம்புல அந்தக் கணக்கு சரியா வரும், இருபது பேருக்கு வைக்கும்போதும் அதே கலோரில நிக்கணும்னு தராசு வச்சு சமைக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. எது வேலைக்கு ஆகுது, எது சும்மா அலட்டல்னு இப்ப சொல்ல முடியும்.

எங்க வீட்டு அளவு நாலு பேருக்கு இதுதான்: சுத்தம் பண்ணின விளைமீன் துண்டு அரை கிலோ, நல்லெண்ணெய் 55 கிராம் (நாலு டேபிள் ஸ்பூன் வரும்), துருவுன தேங்காய் 100 கிராம், சின்ன வெங்காயம் 150, தக்காளி 200, அப்புறம் புளி, மசாப்பொடி. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, அதுல மட்டும் 495. தேங்காய்ல 350 சொச்சம். மீன்ல முள்ளு போக சதை ஒரு 350 கிராம்னு வச்சா அதுல ஒரு 350. வெங்காயம் தக்காளி புளி பொடி எல்லாம் சேர்ந்து ஒரு 290. மொத்தம் 1490 கிட்ட, ஆளுக்கு 370 சொச்சம். சோறு தனி. இதுல பாதிக்கு மேல எண்ணெயும் தேங்காயும்தான், அதனால இருபது பேருக்குப் போகும்போது கண்ணு வைக்க வேண்டியதும் இந்த ரெண்டு மேலதான்.

எல்லாத்தையும் அஞ்சால பெருக்கினா கணக்குப்படி ஆளுக்கு அதே கலோரிதான வரணும், ஆனா அடுப்படில அப்படி நடக்காது. 275 கிராம் எண்ணெயை பெரிய சட்டில ஊத்துனா அடியில மெலிசா பரவிக் கெடக்கும், முக்கால் கிலோ வெங்காயம் போட்டதும் ஒட்டும், உடனே பக்கத்துல நிக்கிற யாராவது "இம்புட்டுச் சட்டிக்கு இது எங்க காணும்"னு கேனைத் தூக்கிச் சாய்ச்சுடுவாங்க. எங்க அத்தை ஒரு சாய்ப்பு சாய்ச்சா 200 மில்லி போகும், அது 1650 கலோரி, இருபதால வகுத்தா ஆளுக்கு 80க்கு மேல ஏறிடும், 370ங்கிறது 450ஐத் தாண்டிடும். அதனால எண்ணெயை முதல்லயே எடை போட்டு ஒரு செம்புல ஊத்தி வச்சுட்டு கேனை உள் ரூம்ல கொண்டுபோய் வச்சிடுறேன். வெங்காயத்தை சின்ன வாணலில ரெண்டு தடவையா, அந்தச் செம்பு எண்ணெயிலயே, உப்பு போட்டு மெதுவா வதக்குனா ஒட்டாது, ஒட்டுற மாதிரி இருந்தா தண்ணி தெளிச்சா போதும்.

தேங்காயும் அப்படித்தான். அரைக் காய்னு எழுதி வச்சு அஞ்சால பெருக்கினா ரெண்டரைக் காய்னு வரும், ஆனா காய்க்குக் காய் சைஸ் வேற, ஒண்ணுல வர்ற துருவல் இன்னொண்ணுல வராது. துருவி எடை போட்டு 500 கிராம் வந்ததும் நிறுத்திடணும். மிச்சத்தைச் சட்னிக்கு வச்சுக்கலாம். உப்பு, மிளகாப்பொடிக்கெல்லாம் தராசு வேணாம், நாலு மடங்கு போட்டு ருசி பாத்து ஏத்திக்கிட்டா போதும், பொடி கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா ஆளுக்கு நாலஞ்சு கலோரி, அதுக்கு மேல இல்ல.

தண்ணி விஷயம்தான் எனக்குப் புரிய லேட்டாச்சு, ஆனா புரிஞ்சப்புறம் எல்லாமே ஈஸி. சட்டி பெருசானாலும் வாய் அகலம் அஞ்சு மடங்கு ஆகாது, அதனால ஆவியும் அஞ்சு மடங்கு போகாது. வீட்டு அளவுக்கு அரை லிட்டர் ஊத்துறோம்னு இங்க ரெண்டரை லிட்டர் ஊத்துனா குழம்பு தண்ணியா நிக்கும், வத்தட்டும்னு விட்டா மீன் குழைஞ்சுடும். நான் ஒண்ணே முக்கா லிட்டர்ல ஆரம்பிக்கிறேன். சரி, தண்ணி கூடிப்போச்சுன்னே வைங்க, தண்ணில கலோரி கிடையாது, மொத்தம் மாறல, ஒரு கரண்டில எவ்வளவுங்கிறதுதான் மாறுது. அதனால ஆளுக்கு 200 கிராம்னு வீட்டு அளவை அப்படியே புடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாது, குழம்பு எறக்கினதும் எடை போட்டு இருபதால வகுக்கணும். 4 கிலோ வந்தா ஆளுக்கு 200, 4.6 வந்தா 230, ரெண்டுலயும் கலோரி ஒண்ணுதான். ஷீட்ல இது ஒரே லைன்தான், B2ல குழம்போட சேத்து சட்டி எடை, B3ல வெறும் சட்டி:

```
=(B2-B3)/20
```

மீனை இந்த எடையில சேக்குறதில்ல. மீன் வெந்ததும் தட்டைக் கரண்டியால மெதுவா எடுத்து தாம்பாளத்துல பரப்பிடுறேன், குழம்பை மட்டும் எடை போடுறேன். இதுல இன்னொரு லாபம் இருக்கு. நல்லெண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும், மீன் உள்ள இருக்கும்போது கிண்ட முடியாது, உடைஞ்சுடும், சின்னச் சட்டின்னா துணி புடிச்சு ஒரு சுத்து சுத்தலாம், இந்தச் சட்டிய யாரு சுத்துறது? கிண்டாம ஊத்துனா முதல் பந்திக்கு எண்ணெய், கடைசிப் பந்திக்கு புளித்தண்ணி, அப்புறம் வகுத்து என்ன புண்ணியம். மீனை எடுத்துட்டா ஒவ்வொரு தடவையும் அடியோட கலக்கி ஊத்தலாம்.

மீனுக்கு எண்ணிக்கைதான். நாலு கிலோ கிட்ட வாங்கி, தலை வால் தனியா போட்டு, 60 கிராம் துண்டா போடச் சொல்லிட்டா நாப்பது துண்டு வரும், ஆளுக்கு ரெண்டு. தலையை கணக்குல சேக்குறதில்ல, அதை யாரு கேப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தடைக்காலத்துல விளைமீன் கைக்கு எட்டாது, ஏப்ரல் 15லருந்து ரெண்டு மாசம் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீனுக்கு விலை எகிறிடும். அப்ப சாளை வச்சா கணக்கைத் திருப்பிப் போடணும், அது கொழுப்புள்ள மீனு.

தராசு பத்தி கேக்குறவங்களுக்கு: 5 கிலோ சமையக்கட்டுத் தராசு எண்ணெய், தேங்காய்க்கு சூப்பர், பெரிய சட்டிக்கு ஆகாது, குழம்போட சட்டி அதைத் தாண்டிடும். கடைல வைக்கிற 30 கிலோ தராசு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன். சூடான சட்டியை நேரா வைக்காதீங்க, நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும், பலகை போட்டு அதுக்கு மேல வைங்க. நடுவுல தானா ஆஃப் ஆகி ஸீரோ பண்ணினது போயிடும், அதனால வெறும் சட்டி எடையை பாத்திரக்காரர்கிட்ட குடுத்து பேருக்குப் பக்கத்துலயே வெட்டச் சொல்லிட்டேன், அவர் ஒரு மாதிரி பாத்தாரு. உப்புக்காத்துல பேட்டரி முனை பச்சை பூத்துடுது, வேலை முடிஞ்சதும் கழட்டி டப்பாவுல போட்டு வைங்க.

"வந்தவங்களுக்கு நிறுத்தா போடுவ"ன்னு அத்தை இன்னும் கேக்குறாங்கதான். எல்லார் இலைக்கும் தராசு போறதில்ல அத்தை, குழிக்கரண்டி எத்தனை கிராம் புடிக்கும்னு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும், எங்களுது 110, ரெண்டு கரண்டி ஊத்துனா கிட்டத்தட்ட கணக்கு முடிஞ்சுது. மறுபடி கேக்குறவங்களுக்கு மறுபடி ஊத்துறோம், அப்பாவும் மதினியும் மட்டும் ரெண்டோட நிப்பாங்க.

மிஞ்சுன குழம்புக்கு மட்டும் ஒரு விஷயம். மறுநாள் சுட வைக்கச் சுட வைக்க வத்தும், அப்ப அதே கரண்டில கலோரி கூட. ராத்திரியே எத்தனை ஆளு பங்கு மிச்சம்னு சட்டி மூடில மார்க்கர்ல எழுதிடுறேன், காலைல எடை என்ன காட்டுனாலும் அத்தனை பங்காத்தான் பிரிக்கிறது.