ரெடிமேட் காஸ்டிக் சோடா கரைசல் வாங்குறவங்க கவனத்துக்கு: 3,450 ரூபாய் போச்சு

லேபுக்கு 5 லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், 3,450 ரூபாய். லேபிள்ல செறிவு "0.1000 M" என்று நாலு தசம இடம், கூடவே சீல் வைத்த சான்றிதழ். அந்த நாலு இடத்தைப் பார்த்துத்தான் பணத்தைக் கட்டினது. எதை வைத்து, எந்தத் தேதியில் தரப்படுத்தினார்கள் என்று சான்றிதழில் ஒரு வரிகூட இல்லை.

இதை வைத்துப் பார்த்த வினிகரின் அமிலத்தன்மை வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்ததும் சந்தேகம். உடனே கே.எச்.பி.யை (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவிட்டு, அரை கிராம் அளவில் தனித்தனியாக மூன்று முறை எடை போட்டாச்சு. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கரைத்து, பீனால்ப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டிலிருந்து கேன் கரைசலை விட்டு, வெளிர் ரோஸ் நிறம் அரை நிமிஷம் நிற்கும் இடத்தில் நிறுத்தினது. கீழே டைட்டர், அதாவது செலவான கரைசலின் அளவு, எல்லாம் பிளாங்க் கழித்தது.

0.5107 கிராமுக்கு 27.30 மி.லி. கரைசல் சரியாக இருந்தால் 25.01 மி.லி.யிலேயே முடிந்திருக்க வேண்டும்! கே.எச்.பி.யும் காரமும் ஒன்றுக்கு ஒன்று வினைபுரிவதால் கணக்கு எளிது: 0.5107-ஐ கே.எச்.பி.யின் மோலார் நிறையான 204.22-ஆல் வகுத்து, வந்ததை 0.02730 லிட்டரால் வகுத்தால் 0.0916 M. அடுத்தது 0.5063 கிராம், 27.05 மி.லி. அதற்கடுத்தது 0.5142 கிராம், 27.50 மி.லி. இவை 0.09165, 0.09156. மூன்றுக்கும் இடையே 0.1 சதவீத வித்தியாசம்தான். சராசரி 0.0916. லேபிளைவிட எட்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. இதை 0.1 என்று நம்பிப் போட்டால் 4.6 சதவீத வினிகர் 5.0 என்று ரிப்போர்ட் ஆகும்.

விற்றவர்களுக்குப் போன் போட்டால், "நல்லா குலுக்கிட்டுப் பாருங்க சார்". மறுபடி போட்டால், "உங்க பியூரெட் தப்பா இருக்கும்". பியூரெட் இரண்டு மி.லி.க்கு மேலா தப்பாகக் காட்டும் என்று கேட்டதும், "சீல் உடைச்ச கேனை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்". சீலை உடைக்காமல் எப்படி டைட்ரேட் பண்ணுவதாம்? 3,450 ரூபாய்க்கு இதுதான் பதில்.

கரைசலில் பேரியம் குளோரைடு விட்டதும் பால் மாதிரி கலங்கியது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆகியிருக்கிறது. பீனால்ப்தலீனில் கார்பனேட் பைகார்பனேட் வரைக்கும்தான் போகும், அதனால் காரத்தில் ஒரு பங்கு கணக்கிலேயே வராது. குறைபாடு முழுவதும் இதனாலா, தயாரிக்கும்போதே குறைத்துப் போட்டார்களா என்பதை அவர்கள்தான் சொல்லணும். சொல்ல மாட்டார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. தரப்படுத்திய தேதி கேளுங்க. கேன் வந்த அன்றே கே.எச்.பி.யில் மூன்று டைட்டர் போடுங்க. பியூரெட் முனையில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த டைட்டரைத் தூக்கிப் போடுங்க. 3,450 ரூபாய் கட்டுவதற்கு முன்னாடி, ரிட்டர்ன் எடுப்பீங்களா என்று எழுத்தில் வாங்கிடுங்க.