ஒரே கண்ணாடியில் இரண்டு ரப்பர்: இயற்கை ரப்பரா, சிலிக்கோனா?

என் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். அதுவும் நிழலே இல்லாத இடத்தில். வைப்பர் ரப்பர் வாங்கப் போகும்போதெல்லாம் "சிலிக்கோன் போடுங்க, ரொம்ப நாள் வரும்" என்று ஒருவர் சொல்வார், "சாதா கறுப்பு ரப்பர்தான் சுத்தமா துடைக்கும்" என்று இன்னொருவர் சொல்வார். சரி, இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஓட்டுபவர் பக்கம் கிராஃபைட் பூசிய இயற்கை ரப்பரும் மறுபக்கம் சிலிக்கோனும் மாட்டினேன். ஒரே கண்ணாடி, ஒரே வெயில், ஒரே தூசு. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

ரப்பர் எப்படித் துடைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிளேடின் அடியில் தொங்கும் மெல்லிய நாக்கு போன்ற பகுதிதான் கண்ணாடியைத் தொடுகிறது. அதன் நுனி தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டின் இரு ஓரங்களும் கூர்மையாக இருக்கும். பிளேடு மேலே போகும்போது நாக்கு கீழ்ப்பக்கம் சாய்ந்து பின்னால் இழுபடும், ஓர் ஓரம் துடைக்கும். திரும்பிக் கீழே வரும்போது நாக்கு மறுபக்கம் புரண்டு அடுத்த ஓரம் துடைக்கும். அதனால் மேலே போகும்போது மட்டும் கோடு விழுந்தால் ஒரு ஓரம்தான் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். நாக்கு புரள்வதற்கு வசதியாக அதன் மேல்பகுதியில் மெல்லிய கழுத்து ஒன்று இருக்கும். பெரும்பாலான கோளாறுகள் அந்த ஓரத்திலோ இந்தக் கழுத்திலோதான் தொடங்குகின்றன.

இனி வெயில். இதில் இரண்டு ரப்பருக்கும் உள்ள வித்தியாசம் பிறவியிலேயே வருவது. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உண்டாக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத்தான் தேடிப்பிடித்து வெட்டும். ஆனால் ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால்தான் வெட்டு விரிசலாகத் திறக்கும். நிறுத்திய காரில் நாக்கு ஒருபக்கம் வளைந்தே கிடக்கிறது, வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டிருக்கிறது. ஓசோனுக்கு அது போதும். விரிசல் கழுத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடும். ஒருநாள் மழையில் நாக்கு நாடா மாதிரி கிழிந்து தொங்கும். பார்ப்பவர் தரக்குறைவான ரப்பர் என்று திட்டுவார், உண்மையில் வேலை நடந்தது கார் நின்றிருந்த மாதங்களில்.

சிலிக்கோனின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி அல்ல. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. ஓசோன் கடிக்க அங்கே இரட்டைப் பிணைப்பு இல்லை. புற ஊதாக் கதிரும் சூடும்கூட அதைப் பெரிதாக அசைப்பதில்லை. பதின்மூன்றாம் மாதத்தில் இரண்டையும் கழற்றி விரலால் மடக்கிப் பார்த்தேன். கறுப்பு ரப்பரின் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல்கள் தெரிந்தன, நாக்கு விறைத்திருந்தது. சிலிக்கோன் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே வளைந்து கொடுத்தது. வெயில் மட்டுமே போட்டி என்றால் இதோடு முடித்துவிடலாம்.

தூசுதான் கணக்கை மாற்றுகிறது. காற்றில் வரும் தூசில் நுண்மணல் இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. கண்ணாடியையே கீறக்கூடிய ஒன்றை மென்மையான ஓரத்தின் கீழே வைத்து, தண்ணீர் விடாமல் இழுத்தால் என்ன ஆகும்? துகள் ஓரத்தில் குழி பறிக்கும் அல்லது அங்கேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த மழையில் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடு, ஒவ்வொரு வீச்சிலும் அதே வளைவில் விழும். கோடு மெல்லியதாகவும் இடம் மாறாமலும் இருந்தால் முதலில் ஈரத்துணியால் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் சிக்கியிருந்தது தூசு. போகாவிட்டால் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது. ஒரு சாண் அகலத்துக்குத் துடைபடாமலே தண்ணீர் நின்றால் அது வேறு கதை. பிளேடு கண்ணாடியின் வளைவோடு படியவில்லை, அழுத்தம் அங்கே போய்ச் சேரவில்லை.

இந்தத் தூசு விஷயத்தில் இயற்கை ரப்பர் முந்துகிறது. அதைக் கிழிப்பது கடினம், தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். சிலிக்கோன் கிழிசலுக்கு எளிதில் வழிவிடும். சின்ன வெட்டு விழுந்தால் அது மெதுவாக நீளும். என் காரில் முதலில் கோடு போட்டது சிலிக்கோன் பக்கம்தான். ஏழாம் மாதம் பயணத்தில் ஒரு லாரி கிளப்பிய புழுதியை, தண்ணீர் தொட்டி காலியாக இருந்ததால், தண்ணீர் விடாமலே வைப்பரால் துடைத்துவிட்டேன். நான்கைந்து வீச்சுதான். கறுப்பு ரப்பர் பிழைத்துக்கொண்டது. சிலிக்கோனில் நடுவாக்கில் இரண்டு இடத்தில் பல் விழுந்தது, கடைசிவரை அந்த இரண்டு கோடுகளும் போகவில்லை. இதற்கு ரப்பரைக் குறை சொல்ல முடியாது, தண்ணீர் நிரப்பாதவன் நான்.

அடுத்தது தடதடப்பு. ரப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, வளைந்து, பிடி விட்டதும் துள்ளி, மறுபடி ஒட்டுவதால் வரும் அதிர்வு அது. நன்றாக நனைந்த கண்ணாடியில் மெல்லிய நீர்ப்படலம் இடையில் இருப்பதால் உராய்வு குறைவு. படலம் உலர்ந்துகொண்டு வரும் அரைகுறை ஈரத்தில்தான் உராய்வு உச்சத்துக்குப் போகும். தூறல் நின்ற பிறகு வைப்பரை அணைக்க மறந்தால் தடதடவென்று அடிப்பது அதனால்தான்.

இதைக் குறைக்கத்தான் இயற்கை ரப்பர் நாக்கின் மேல்பரப்பை குளோரின் கொண்டு பதப்படுத்திக் கொஞ்சம் கடினமாக்குவார்கள், மேலே கிராஃபைட்டும் பூசுவார்கள். இந்தத் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்மையான ரப்பர் கண்ணாடியைத் தொட ஆரம்பித்ததும் சத்தம் தொடங்கும். பிளேடைச் சுத்தம் செய்கிறேன் என்று துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுக்கை எடுக்கவில்லை, பூச்சைத்தான் எடுக்கிறார்கள். தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பக்கத்திலேயே வரக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

சிலிக்கோன் இந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. சில வகை சிலிக்கோன் பிளேடுகள் ஓட ஓடக் கண்ணாடியில் நீர் ஒட்டாத மெல்லிய படலம் ஒன்றை விட்டுச்செல்லும். பெருமழையில் அது சுகம், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தூறலிலோ அதுவே தொல்லை. நீர் பரவாமல் முத்துகளாக நிற்பதால் அவற்றுக்கு இடையில் கண்ணாடி உலர்ந்து கிடக்கிறது, பிளேடு ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் பரப்பில் ஓட வேண்டியிருக்கிறது. என் சோதனையில் நான் எதிர்பார்க்காத ஒன்று இங்கே நடந்தது. இரண்டு பிளேடுகளின் வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பகுதியில் கறுப்பு ரப்பரும் சிலிக்கோன் விட்ட படலத்தின் மேல்தான் ஓடியது, அந்தத் துண்டில் மட்டும் தடதடத்தது. மற்ற இடத்தில் அமைதி. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டும் என் யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கண்ணாடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாட்டுவதும் நல்லது. தண்ணீர் தெளித்தால் முத்தாகத் திரளாமல் விரிப்பு மாதிரி பரவினால் படலம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் மாதம் கறுப்பு ரப்பர் வேறொரு சத்தம் போட ஆரம்பித்தது. கண்ணாடி முழுக்க, ஆனால் மேலே போகும்போது மட்டும். கீழே வரும்போது எதுவும் இல்லை. பிளேடைப் பிடித்திருக்கும் கையான ஆர்மைத் தூக்கி, பிளேடை ஒரு முனையிலிருந்து கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தேன். நாக்கு நேராகத் தொங்காமல் மேல்பக்கமாகச் சாய்ந்தே உறைந்திருந்தது. வைப்பர் கடைசியாகக் கீழே வந்துதான் நிற்கும். அப்போது நாக்கு மேல்பக்கம் சாய்ந்திருக்கும். மூன்று வாரம் வெயிலில் அப்படியே விட்டதில் சூடு அந்தச் சாய்வை நிரந்தரமாக்கிவிட்டது. மேலே போகும்போது அது மறுபக்கம் புரள வேண்டும், புரளவில்லை. உளி மாதிரி முனையைக் கண்ணாடியில் குத்திக்கொண்டு துள்ளித் துள்ளிப் போனது. சிலிக்கோனிலும் லேசான சாய்வு இருந்தது, ஆனால் சில வீச்சுகளில் தானாகவே சரியானது.

தடதடப்புக்கு ரப்பரையே சந்தேகிக்கும் முன் ஆர்மையும் பார்த்துவிடுவது நல்லது, புது ரப்பர் மாட்டியும் சத்தம் போகாதவர்களுக்கு இது முக்கியம். வைப்பர் கண்ணாடியின் நடுவில் இருக்கும்போது சாவியை அணைத்து நிறுத்துங்கள். முனையிலிருந்து பார்த்தால் பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. எந்த ரப்பர் போட்டாலும் ஒரு திசையில் தடதடக்கும். பிளேடைக் கழற்றி, கண்ணாடியில் தடித்த துணி விரித்து, ஆர்ம் முனையைத் துணி சுற்றிய ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிச் சரிசெய்யலாம். பிளேடு இல்லாத ஆர்மைக் கையிலிருந்து நழுவ விட்டால் கண்ணாடி உடையும், ஸ்பிரிங் அவ்வளவு வேகமாக இழுக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரும் உண்டு. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோனைத் தாங்கும். நான் அதை நீண்ட நாள் ஓட்டிப் பார்க்கவில்லை, தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

என் தேர்வைக் கேட்டால், தினமும் புழுதிச் சாலையில் ஓடும் காருக்கு இயற்கை ரப்பர்தான். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன், விரிசல் பெரிதாவதற்குள் அதன் ஓரம் எப்படியும் தேய்ந்திருக்கும். வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் காருக்கு சிலிக்கோன், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும் என்ற உறுதியோடு. இப்போது என் காரில் இரண்டு பக்கமும் சிலிக்கோன்தான் இருக்கிறது. ஊருக்குப் போவதாக இருந்தால் ஆர்முக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி, நாக்கு கண்ணாடியைத் தொடாதபடி தூக்கிவைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் அதை எடுக்க மறந்து ஒருமுறை வைப்பரைப் போட்டுவிட்டேன். ஸ்பாஞ்சு மட்டும் பறந்து போய் விழுந்தது, வேறு சேதமில்லை.