23,500 ரூபாய்க்குப் பச்சை முட்டை: பார்ட்டிச் சாப்பாடு ஓடர் கொடுப்பவர்கள் கவனம்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன். மகளின் பிறந்தநாளுக்கு, முகநூலில் பக்கம் வைத்து வீட்டிலிருந்தே செய்து விற்கும் ஒருவரிடம் சிக்கன் சான்ட்விச்சும் சொக்லேட் மூஸும் ஓடர் கொடுத்தேன். 23,500 ரூபாய், முழுவதும் முற்பணம். பெயர் போடவில்லை. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை இப்படிப் பல பக்கங்கள் இருக்கின்றன, எல்லாரிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: முட்டை பச்சையா?

நம்பினது எங்கே தெரியுமா? போனில் அவர் சொன்ன ஒரு பேச்சில். "அண்ணா, கடை மயோனைஸ் நான் தொடவே மாட்டன். முட்டை வாங்கி நானே அடிக்கிறது. கெமிக்கல் ஒண்டும் இல்லை, பிள்ளையளுக்குப் பயப்படாமல் குடுக்கலாம்." இதைக் கேட்டு மனைவிக்கும் சந்தோஷம். உண்மையில் கம்பனிப் போத்தலில் வருவது பெரும்பாலும் கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கிய முட்டை, வினாகிரியும் அளந்து விட்டிருப்பார்கள். எங்கள் சான்ட்விச் மயோனைஸில் இருந்தது பச்சை மஞ்சட்கருவும், ருசிக்குப் பிழிந்த கொஞ்சத் தேசிக்காயும்.

சனி பின்னேரம் சாப்பிட்டோம். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு மகளுக்குக் காய்ச்சல், வயிற்று வலி, பிறகு நிற்காத வயிற்றோட்டம். இரவுக்குள் மாமியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே நிலையில். கேக் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். மலப் பரிசோதனையில் சல்மொனெல்லா என்ற கிருமி.

போன் எடுத்தால் அவருடைய முதல் பதில், "என்ர சாப்பாடு எண்டால் அண்டைக்கே பிடிச்சிருக்கும் அண்ணா, அடுத்த நாள் ஏன்?" இதை நம்பிப் பேசாமல் போகிறவர்கள்தான் அதிகம். சல்மொனெல்லா வயிற்றுக்குள் போய்ப் பெருகி வேலையைக் காட்ட ஆறு மணித்தியாலத்திலிருந்து மூன்று நாள் வரை எடுக்கும். அடுத்த நாள் வந்ததே அதன் வழக்கம்தான். பிறகு வெயில் என்றார், கிணற்றுத் தண்ணீர் என்றார், நாங்கள் வெளியில் வைத்திருப்போம் என்றார். கடைசியில் ஒரு குரல் பதிவில் தானே உளறிவிட்டார்: மஞ்சட்கரு செவ்வாய்க்கிழமை வேறு ஓடருக்கு அடித்த மயோனைஸில் போனதாம், மிஞ்சின வெள்ளைக்கரு எங்கள் மூஸில் போனதாம், "பிறிட்ஜிலதானே இருந்தது, மணக்கவே இல்லை."

மணக்காது. சல்மொனெல்லா மணத்தையோ நிறத்தையோ மாற்றாது. ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் விளக்கினபிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. சில கோழிகளில் இந்தக் கிருமி ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும், கழுவினாலும் போகாது. ஒரு சட்டிக்குள் இருபது முட்டை உடைத்தால் ஒன்றில் இருந்தது எல்லாவற்றிலும் கலந்துவிடும். நம்முடைய வெக்கையில் அது ஏறக்குறைய அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடும். பத்துக் கிருமி ஐந்து மணித்தியாலத்தில் பத்தாயிரம், இன்னும் ஐந்து மணித்தியாலத்தில் ஒரு கோடி. ஐந்து பாகைக்குக் கீழே குளிர் இருந்தால் பெருகாது, ஆனால் சாகாது. எடுத்து வெளியில் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கேக் பெட்டி அடுக்கி, நாளெல்லாம் திறந்து மூடி, கரண்ட் போய் வருகிற வீட்டுப் பிறிட்ஜில் அந்த ஐந்து பாகை எங்கே நிற்கிறது? செவ்வாயிலிருந்து சனி வரை அந்த வெள்ளைக்கரு எத்தனை தடவை சூடு கண்டிருக்கும்? தேசிக்காய்ப் புளி போதுமான அளவு இருந்தால் மயோனைஸில் பெருக்கம் தடைப்படும். மூஸில் புளியே இல்லை.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸையே ஒரு வருடத்துக்குத் தடை செய்தார்கள். இங்கே நான் 23,500 ரூபாய் கேட்டால் "பாதி தாறன்" என்றார், பிறகு "அடுத்த ஓடரில கழிக்கிறன்" என்றார், இப்போது என் நம்பரைத் தடுத்துவிட்டார். அடுத்த ஓடராம்! 23,500.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். மயோனைஸ், மூஸ், திராமிசு எதுவானாலும் முட்டை பச்சையா, எப்போது அடித்தது என்று எழுத்தில் கேளுங்கள். பச்சை என்றால் சின்னப் பிள்ளை, கர்ப்பிணி, வயதானவருக்கு வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் அன்று செய்ததை அன்றே, மேசையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காமல். வீட்டில் செய்தால் மஞ்சட்கருவைக் கொதிநீர்ச் சட்டிமேல் வைத்துக் கிண்டி 71 பாகை வரை சூடாக்குங்கள், இல்லாவிட்டால் பாலில் அடிக்கிற முட்டையில்லா மயோனைஸ். வருத்தம் வந்தால் மிச்சத்தை எறியாமல் மூடிக் குளிரில் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள். எங்கள் வீட்டில் மிச்சத்தை ஞாயிறு காலையே கழுவிவிட்டார்கள், அதனால்தான் நம்பரைத் தடுக்கும் வரை அந்த ஆள் "ஆதாரம் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.