தனுஷ்கோடிப் பயணமா, ஒலிப்பதிவா, ஓலைப்பெட்டியா?

பாம்பனிலிருந்து ராமேசுவரம் வரை பல வீடுகளில், 1964 டிசம்பர் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அன்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது சேலையும் வேட்டியும் வாங்கி வருவதைவிட, பெரியவர்களோடு சேர்ந்து எதையாவது செய்து பொழுதைக் கொடுப்பது நல்லது என்ற எண்ணம் இந்தத் தலைமுறைக்கு வந்திருக்கிறது. சரியான எண்ணம்தான். எதைச் செய்வது என்பதில்தான் தேர்வு தவறிப்போகிறது.

எங்கள் அப்பத்தா தங்கச்சிமடத்தில் இருக்கிறார். புயலடித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பேரப்பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொன்றாக அவருக்குக் கொடுத்துப் பார்த்த பரிசுகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். வாங்கிக்கொண்டவர் ஒருவரே என்பதால் எது எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

புகைப்படத் தொகுப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். பழைய படங்களைத் திரட்டி அழகாக அச்சிட்டு, தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து புரட்டுவது மற்ற ஊர்களில் அருமையான பரிசு. தனுஷ்கோடிக் குடும்பங்களிடம் புயலுக்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் கிடையாது. பெட்டியோடு, பத்திரத்தோடு, வீட்டோடு எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. அக்கா செய்து கொடுத்த தொகுப்பு அப்பத்தாவின் திருமணத்தில் தொடங்கியது. அவர் அதை ஆசையாகப் பார்த்தார். ஆனால் அவர் அடிக்கடி பேசும் வயது அந்தப் பக்கங்களில் எங்குமே இல்லை. புயலுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தப் பரிசு நன்றாகப் பொருந்தும். முந்தியவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தனுஷ்கோடிப் பயணம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு அது எளிதாகியும் விட்டது. அதற்கு முன் மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களின் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது ராமேசுவரத்திலிருந்து பஸ்ஸே போகிறது. ஆனால் சாலை போடப்பட்டது சுற்றுலாப் பயணிகள் போய்ச் சேரும் முனைக்கு. அப்பத்தாவுக்கு வேண்டியதோ வழியில் மணலுக்குள் நிற்கும் ரயில் நிலையத்துச் சுவரும், மாதா கோவிலும், அதற்கப்பால் தான் குடியிருந்த தெருவும். அங்கே போகக் காரை விட்டிறங்கி மணலில் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்குக் கால் புதையும் மணலில் நூறு அடி நடப்பதே பெரிய வேலை. நிழல் கிடையாது. காலை பத்து மணிக்கெல்லாம் மணல் சுடத் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். தை அல்லது மாசியில், விடிந்ததும் கிளம்பி ஒன்பது மணிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வருவதுதான் முதியவர்களுக்குத் தோதானது. அதிலும் தை அமாவாசையை ஒட்டிய நாட்களை விட்டுவிட வேண்டும். ராமேசுவரம் முழுவதும் வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். பக்கத்து மீனவக் குடியிருப்பான கம்பிப்பாட்டில் இன்றும் குடிசை போட்டுத் தொழில் செய்கிறவர்களில் உறவினர் யாரேனும் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் அதனால் கிடைக்கும்.

உடம்புக்கு நேரும் சிரமத்தைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே போனால் நினைவு தானாகப் பொங்கும் என்று எதிர்பார்க்கிறோம். தம்பி கூட்டிப் போனபோது அப்பத்தா பேசவே இல்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தார், கடலைப் பார்த்தார், "கிளம்பலாம்" என்றார். மிச்சமிருக்கும் நாலைந்து இடிபாடுகளை வைத்து அவருடைய ஊரை அடையாளம் காண முடியவில்லை. தெருவும் தண்டவாளமும் கடைகளும் இருந்த இடத்தில் மணலும் முள்செடியும் இருந்தால் எந்தப் பக்கம் தன் வீடு என்று எப்படிச் சொல்வார்? தவிர, அவருடைய சித்தி குடும்பம் அந்த இரவில் போனது அங்கேதான். பயணத்துக்கு முந்தைய நாளே "அங்கே போக மனம் இருக்கிறதா, அப்பத்தா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். மகனும் மருமகளும் சூழ்ந்திருக்கும்போது கேட்டால், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று தலையாட்டிவிடுவார்.

அடுத்தது ஒலிப்பதிவு. செலவே இல்லாதது, கைபேசியில் ஏற்கெனவே இருப்பது. பயணத்தைப்போல ஒரே நாளில் தீராமல், காலை உணவுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் என்று பல நாட்கள் உட்காரலாம். மின்விசிறியை நிறுத்தி, கடல் காற்று நேராக வீசாத உள்ளறையில், கைபேசியை மடித்த துணியின்மேல் வைத்து ஒரு முழ தூரத்தில் இருத்தினால் குரல் தெளிவாக விழும். காற்று நேராகப் பட்டால் பதிவில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். முதல் நாள் ஐந்து நிமிடம் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இதில் கெடுவது கேள்விகள்தான். "புயலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், வந்து போகும் நிருபர்களிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய கதையையே சொல்வார்கள்: அந்த இரவு, அலை, பாம்பனிலிருந்து வந்த ரயில் அடித்துச் செல்லப்பட்டது. அது தேய்ந்து மெருகேறிய கதை. பேரப்பிள்ளைக்கென்று தனியாக அதில் ஒன்றும் இராது. "படகுத்துறைக்குப் போகும் ரயில் உங்கள் வீட்டிலிருந்து கேட்குமா?", "தலைமன்னாருக்குக் கப்பல் போகிற நாளில் வீட்டில் என்ன வேலை இருக்கும்?" என்று பொருளையும் வழக்கத்தையும் பிடித்துக் கேட்டால் வேறு வாசல் திறக்கும். காலக்கணக்கில் முரண்பட்டால் இடைமறித்துத் திருத்தக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் முந்தி, வலை எந்தப் பக்கத்துக் கடலில் கிடந்தது என்றுதான் அவர்கள் நாளை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கைக் கொண்டே பிறகு நாம் பொருத்திக்கொள்ளலாம்.

ஆனாலும் எதிரெதிரே உட்கார்ந்து நடுவில் கைபேசியை வைத்தால் அது விசாரணைபோல ஆகிவிடுகிறது. அப்பத்தா குரலை மாற்றிக்கொண்டு, மேடையில் பேசுவதுபோலப் பேசினார். மறதி தொடங்கிவிட்ட பெரியவர்களுக்கு இது இன்னும் கடினம். ஒவ்வொரு கேள்வியும் பரீட்சையாகி, பதில் வராதபோது முகம் வாடிவிடும்.

இவற்றுக்கு எதிராக நான் தேர்ந்தெடுத்தது ஓலைப்பெட்டி முடைவது. தீவில் பனைக்குப் பஞ்சமில்லை. கருவாடும் கருப்பட்டியும் சுமந்த பெட்டிகளை முடைந்து வளர்ந்த தலைமுறை அது. குருத்தோலையை வெட்டி வாங்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். பச்சை போய் வெளுத்ததும் நடுவிலுள்ள ஈர்க்கை உரித்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ள வேண்டும். அகலம் ஒன்றுக்கொன்று மாறினால் அடிப்பாகத்திலேயே இடைவெளி விழும். முடைவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவது எல்லாவற்றிலும் நுணுக்கமானது. ஈரம் போதாவிட்டால் மடிக்கும் இடத்தில் ஓலை படீரென்று முறியும். ஈரம் மிஞ்சினால் முடையும்போது நன்றாக இருக்கும், காய்ந்ததும் ஓலை சுருங்கிப் பெட்டி தளர்ந்துவிடும். விரலில் சுற்றிப் பார்த்து, முறியாமலும் நீர் ஒட்டாமலும் இருந்தால் பதம் சரி. ஒன்று மேலே ஒன்று கீழே என்று அடியைச் சதுரமாகப் பின்னி, மூலைகளை மடக்கி எழுப்பி, கடைசியில் விளிம்பை மடித்துக் கட்ட வேண்டும். கற்கிறவருக்குக் கை ஓடாத இடம் மூலை எழுப்புவது.

அங்கேதான் அப்பத்தா என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினார். "இதை எங்கம்மா இப்படி அதட்டித்தான் சொல்லிக் கொடுத்தார்" என்று தொடங்கியவர், அவர் அம்மா எந்தத் திண்ணையில் உட்கார்ந்து முடைவார், பெட்டியை எந்தக் கடைக்குக் கொடுப்பார் என்று போனார். கடை எங்கே என்று கேட்டேன். ஒரு நீண்ட ஓலையைத் தரையில் நீட்டி வைத்து இது தண்டவாளம் என்றார். தம்ளரை வைத்து மாதா கோவில் என்றார். ஈர்க்குத் துண்டுகள் வீடுகளாயின. என் அத்தையும் வந்து உட்கார்ந்து, தான் கேள்விப்பட்டதைச் சேர்த்தார். கைக்கு வேலை இருந்ததால் பேச்சுக்கு இடையில் மௌனம் வந்தாலும் யாருக்கும் சங்கடமில்லை. பதில் தெரியாவிட்டால் அடுத்த மடிப்புக்குப் போய்விடலாம். அந்த வரைபடத்தை மேலிருந்து படம் எடுத்துக்கொண்டேன். கைபேசி பக்கத்தில் கிடந்து முழுவதையும் பதிந்துகொண்டிருந்தது. முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வைத்தேன், அவர் மறந்தே போனார்.

என் தீர்ப்பு இதுதான். முதியவர் பயணியாக இருக்கும் பரிசைவிட, ஆசிரியராக இருக்கும் பரிசு மேலானது. காரில் அவரை நாம் சுமந்து போகிறோம், பதிவில் அவரைக் கேள்வியால் இழுக்கிறோம். ஓலை முன்னால் உட்கார்ந்தால் அவருக்குத்தான் வேலை தெரியும். மறதி வந்தவர்களிடமும் பெயர்கள் போன பின் கைப்பழக்கம் பெரும்பாலும் நெடுநாள் தங்குகிறது. விரல் மூட்டு வலியோ கண்புரையோ உள்ளவர்களால் முடைய இயலாது. அவர்கள் பதம் பார்த்துச் சொல்ல, நாம் முடையலாம். அடுப்பில் நிற்கத் தெம்புள்ள ஆச்சிகளிடம் மீன்குழம்புக்கு மசாலா அரைக்கக் கற்பதும் இதே வேலையைச் செய்யும். வலை பொத்தத் தெரிந்த தாத்தாக்களிடம் வலையும் ஊசியும் போதும்.

பயணத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, பின்னுக்குத் தள்ளுகிறேன். தரையில் ஓலையும் தம்ளரும் வைத்துப் போட்ட வரைபடத்தின் படத்தோடு அடுத்த மாசியில் மறுபடி தனுஷ்கோடி போனபோது, அப்பத்தா கைபேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளம் போன திசையைக் கோவில் சுவரிலிருந்து கணக்கிட்டுச் சொன்னார். வீட்டின் இடத்தைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம்தான் என்று கை நீட்ட முடிந்தது.

ஒரே நாள் விடுமுறைதான் உண்டு, அவரும் தானாகக் கேட்டுவிட்டார் என்றால் பயணமே சரி. நாலைந்து நாள் கிடைத்தால் ஓலைக்குப் போங்கள். வெளிநாட்டில் இருந்தபடி கொடுக்க வேண்டுமென்றால் வாரம் ஒரு மணி நேர ஒலிப்பதிவு அழைப்புதான் வழி, அதிலும் கேள்வி ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஓலைக்கு முன்னேற்பாடு வேண்டும். விடுமுறைத் தேதி முடிவானதும் உச்சிப்புளியிலோ சாயல்குடியிலோ தெரிந்த பனையேறிக்குச் சொல்லி வையுங்கள். ஒரே மரத்தில் குருத்தை நிறைய வெட்டினால் மரம் வாடும், அதனால் அவர் பல மரங்களிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார். நாம் ஊர் வந்து சேர்வதற்குள் உலர்ந்திருக்க வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னதாகவே வெட்டி, வீட்டில் யாரையாவது வெயிலில் போடச் சொல்ல வேண்டும். அப்பத்தாவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. எந்த ஓலை தேறும் என்று அவர் அன்றே பிரித்து வைத்துவிடுவார்.