ஆறு எண்கள், மூன்று வழிகள்: பபிள், செலக்‌ஷன், இன்செர்ஷன் சார்ட்டை எண்ணிப் பார்ப்போம்

பபிள் சார்ட், செலக்‌ஷன் சார்ட், இன்செர்ஷன் சார்ட் ஆகிய மூன்றையும் பாடப்புத்தகங்கள் ஒரே கூடையில் போட்டுவிடும். மூன்றுக்கும் O(n²) என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அது பிழையில்லை. ஆனால் அதை மட்டும் படித்தவருக்கு மூன்றும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று தோன்றிவிடும். ஒரு காகிதத்தில் ஆறு எண்களை எழுதி, எத்தனை முறை ஒப்பிட்டோம், எத்தனை முறை இடம் மாற்றினோம் என்று கோடு போட்டு எண்ணிப் பார்த்தால் மூன்றும் எவ்வளவு வேறானவை என்பது தெரிந்துவிடும்.

நாம் எடுத்துக்கொள்ளும் பட்டியல் இது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும்.

```
7 3 9 4 1 6
```

பட்டியலில் உள்ள இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்த்தால் அது ஓர் ஒப்பீடு. இரண்டு எண்கள் தங்கள் இடங்களைப் பரிமாறிக்கொண்டால் அது ஓர் இடமாற்றம். பட்டியலின் முனைக்கு வந்துவிட்டோமா என்று பார்ப்பதை நாம் ஒப்பீடாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பபிள் சார்ட்

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எண்களைப் பார்த்து, இடப்பக்கம் இருப்பது பெரியதாக இருந்தால் மாற்றி வைக்கிறோம். இப்படியே முனை வரை போனால் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீதமிருப்பவற்றில் மிகப் பெரிய எண் வலக்கோடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் அடுத்த சுற்றில் ஓர் ஒப்பீடு குறையும். ஒரு சுற்றில் எந்த இடமாற்றமும் நடக்கவில்லை என்றால் அத்துடன் நிறுத்திவிடலாம்.

```
தொடக்கம்   7 3 9 4 1 6
சுற்று 1    3 7 4 1 6 9   ஒப்பீடு 5  இடமாற்றம் 4
சுற்று 2    3 4 1 6 7 9   ஒப்பீடு 4  இடமாற்றம் 3
சுற்று 3    3 1 4 6 7 9   ஒப்பீடு 3  இடமாற்றம் 1
சுற்று 4    1 3 4 6 7 9   ஒப்பீடு 2  இடமாற்றம் 1
சுற்று 5    1 3 4 6 7 9   ஒப்பீடு 1  இடமாற்றம் 0
```

மொத்தம் 15 ஒப்பீடு, 9 இடமாற்றம். இடையிலேயே நிறுத்தும் வசதி இருந்தும் இங்கே அது பயன்படவில்லை. காரணம், 1 என்ற எண். அதற்கு முன்னால் அதைவிடப் பெரிய எண்கள் நான்கு நிற்கின்றன. ஒரு சுற்றில் அது இடப்பக்கமாக ஒரே ஒரு படிதான் நகர முடியும். பெரிய எண்களோ ஒரே சுற்றில் கோடி வரை ஓடிவிடும். இப்படி ஊர்ந்து வரும் சிறிய எண்களை ஆமை என்றும், பாய்ந்து போகும் பெரிய எண்களை முயல் என்றும் அழைக்கும் வழக்கம் உண்டு. எத்தனை சுற்று தேவை என்பதைத் தீர்மானிப்பது ஆமைதான்.

செலக்‌ஷன் சார்ட்

இதன் குணம் வேறு. மீதமுள்ள எண்களை எல்லாம் முதலில் பார்த்து முடிக்கும். அதன் பிறகுதான் கை வைக்கும். எல்லாவற்றிலும் சிறியதைக் கண்டுபிடித்து முதல் இடத்துக்குக் கொண்டுவருவது முதல் சுற்று. எஞ்சியவற்றில் சிறியதை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவருவது இரண்டாம் சுற்று. இப்படியே போகும்.

```
தொடக்கம்   7 3 9 4 1 6
சுற்று 1    1 3 9 4 7 6   ஒப்பீடு 5  இடமாற்றம் 1
சுற்று 2    1 3 9 4 7 6   ஒப்பீடு 4  இடமாற்றம் 0
சுற்று 3    1 3 4 9 7 6   ஒப்பீடு 3  இடமாற்றம் 1
சுற்று 4    1 3 4 6 7 9   ஒப்பீடு 2  இடமாற்றம் 1
சுற்று 5    1 3 4 6 7 9   ஒப்பீடு 1  இடமாற்றம் 0
```

ஒப்பீடு அதே 15. இடமாற்றமோ வெறும் 3. நான்காம் சுற்றிலேயே பட்டியல் ஒழுங்காகிவிட்டது என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது, நிரலுக்குத் தெரியாது. சிறியது எது என்று தேடும்போது, மற்றவை ஒழுங்காக இருக்கின்றனவா என்ற செய்தி அதற்குக் கிடைப்பதே இல்லை. அதனால் ஆறு எண்கள் எந்த வரிசையில் வந்தாலும், ஏற்கெனவே அடுக்கியே வந்தாலும், 5+4+3+2+1 என்று 15 ஒப்பீடு செய்தே தீரும்.

தொடக்கநிலையினர் அதிகம் சறுக்குவது இங்கேதான். சிறிய எண் ஒன்று கண்ணில் பட்டவுடனேயே அதை முன்னால் மாற்றி வைத்துவிட்டு, மேலே தேடுவதுபோல் எழுதிவிடுவார்கள். விடை சரியாகவே வரும் என்பதால் பிழை வெளியில் தெரியாது. இதே பட்டியலை அப்படி ஓட்டினால் 3 இடமாற்றம் 9 ஆகிவிடும். செலக்‌ஷன் சார்ட்டின் ஒரே சிறப்பு அதோடு போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: ஒரு சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் இடமாற்றம் நடந்தால் நீங்கள் எழுதியிருப்பது செலக்‌ஷன் சார்ட் அல்ல. சிறிய எண்ணின் இடத்தை மட்டும் ஒரு மாறியில் குறித்து வைத்துக்கொண்டே போய், சுற்று முடிந்த பிறகு ஒரே முறை மாற்ற வேண்டும்.

இன்செர்ஷன் சார்ட்

இடப்பக்கத்தில் அடுக்கி முடித்த பகுதி ஒன்று இருக்கும். தொடக்கத்தில் அதில் 7 மட்டும்தான். அடுத்த எண்ணைக் கையில் எடுத்து, அடுக்கிய பகுதியின் வலக்கோடியிலிருந்து பின்னோக்கி ஒப்பிட்டு வருகிறோம். பெரிய எண்களை ஒவ்வொன்றாக வலப்பக்கம் தள்ளிவிட்டு, சரியான இடம் வந்ததும் கையில் இருப்பதைச் செருகுகிறோம்.

```
தொடக்கம்     7 3 9 4 1 6
3-ஐச் செருக   3 7 9 4 1 6   ஒப்பீடு 1  நகர்த்தல் 1
9-ஐச் செருக   3 7 9 4 1 6   ஒப்பீடு 1  நகர்த்தல் 0
4-ஐச் செருக   3 4 7 9 1 6   ஒப்பீடு 3  நகர்த்தல் 2
1-ஐச் செருக   1 3 4 7 9 6   ஒப்பீடு 4  நகர்த்தல் 4
6-ஐச் செருக   1 3 4 6 7 9   ஒப்பீடு 3  நகர்த்தல் 2
```

மொத்தம் 12 ஒப்பீடு, 9 நகர்த்தல். முதன்முதலில் இதை எண்ணியபோது எனக்கு ஒப்பீடும் 9 என்றே வந்தது. தள்ளியபோதெல்லாம் கோடு போட்டேன்; "போதும், இதற்கு மேல் தள்ள வேண்டாம்" என்று சொன்ன அந்தக் கடைசி ஒப்பீட்டை எண்ணாமல் விட்டுவிட்டேன். 9-ஐ எடுத்தபோது எதுவும் நகரவில்லை. ஆனாலும் 7-உடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதானே அது தெரிந்தது? நிரலில் எண்ணுபவர்கள், ஒப்பீட்டைக் கூட்டும் வரியை நிறுத்தும் நிபந்தனைக்கு முன்னால் வைக்க வேண்டும்:

```python
a = [7, 3, 9, 4, 1, 6]
comp = shift = 0
for i in range(1, len(a)):
    x = a[i]
    j = i - 1
    while j >= 0:
        comp += 1
        if a[j] <= x:
            break
        a[j + 1] = a[j]
        shift += 1
        j -= 1
    a[j + 1] = x
print(a, comp, shift)
```

இது `[1, 3, 4, 6, 7, 9] 12 9` என்று அச்சிடும்.

அந்த 9 எங்கிருந்து வந்தது?

| | ஒப்பீடு | இடமாற்றம் / நகர்த்தல் |
|---|---|---|
| பபிள் | 15 | 9 |
| செலக்‌ஷன் | 15 | 3 |
| இன்செர்ஷன் | 12 | 9 |

பபிளுக்கும் இன்செர்ஷனுக்கும் 9 வந்தது தற்செயல் அல்ல. பட்டியலில் பெரிய எண் முன்னாலும் சிறிய எண் பின்னாலும் நிற்கும் ஜோடிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். 7-க்குப் பின்னால் அதைவிடச் சிறியவை 3, 4, 1, 6 என நான்கு. 3-க்குப் பின்னால் 1 மட்டும். 9-க்குப் பின்னால் 4, 1, 6 என மூன்று. 4-க்குப் பின்னால் 1. கூட்டினால் 9. இவற்றை முறை மாறிய ஜோடிகள் என்று சொல்வோம். அடுத்தடுத்த இரண்டு எண்களை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு மாற்றமும் இத்தகைய ஜோடி ஒன்றை, ஒன்றை மட்டுமே, சரிசெய்யும். ஆகவே பக்கத்து எண்ணைத் தாண்டிக் குதிக்கத் தெரியாத எந்த முறைக்கும் இந்தப் பட்டியலில் 9-க்குக் கீழே வழியில்லை. நிரலை ஓட்டாமலே இந்த எண்ணைச் சொல்லிவிடலாம். செலக்‌ஷன் சார்ட் தூரத்து எண்களை நேரடியாக மாற்றுவதால்தான் 3-இல் முடித்தது.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் இடமாற்றத்துக்குத் தற்காலிக மாறி ஒன்றை வைத்து மூன்று முறை மதிப்பை எழுத வேண்டும். 9 இடமாற்றத்துக்கு 27. இன்செர்ஷனின் ஒரு நகர்த்தலுக்கு ஒரே எழுத்து. ஒவ்வோர் எண்ணையும் கையில் எடுக்க ஒன்று, செருக ஒன்று என்று ஐந்து எண்களுக்கு 10 சேர்த்தாலும் 19-தான். செலக்‌ஷனின் மூன்று இடமாற்றத்துக்கு 9.

பட்டியலை மாற்றிப் பார்த்தால்

`1 3 4 6 9 7` என்ற பட்டியலில் முறை மாறிய ஜோடி ஒன்றே ஒன்றுதான். மூன்று முறைகளிலும் ஒரே ஒரு மாற்றம். ஒப்பீடோ இன்செர்ஷனில் 6, பபிளில் 9, செலக்‌ஷனில் வழக்கம்போல் 15.

இனி ஆமைக்கு வருவோம். `3 4 6 7 9 1` என்பதில் 1-ஐத் தவிர எல்லாமே ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் பபிள் ஐந்து சுற்றும் ஓடி 15 ஒப்பீட்டையும் செலவழித்துவிடும். இன்செர்ஷன் 9 ஒப்பீட்டில் முடிக்கும். இதையே திருப்பி `9 1 3 4 6 7` என்று முயலை முன்னால் வைத்தால், முதல் சுற்றிலேயே 9 கோடிக்குப் போய்விடும். இரண்டாம் சுற்று சரிபார்க்க மட்டும். பபிளுக்கும் 9, இன்செர்ஷனுக்கும் 9. பபிளுக்காகவே தேடி எடுத்த பட்டியலிலும் அதனால் சமன்தான் செய்ய முடிந்தது. முழுவதும் தலைகீழான `9 7 6 4 3 1` பட்டியலில் மூன்றுக்கும் 15 ஒப்பீடு. பபிளுக்கும் இன்செர்ஷனுக்கும் 15 மாற்றம், செலக்‌ஷனுக்கு 3.

ஆக, பபிளை விளக்கிச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், நிரலில் வைக்க வேண்டாம். சிறிய பட்டியல், அல்லது பெரும்பாலும் ஒழுங்காகவே வரும் பட்டியல் என்றால் என் தேர்வு இன்செர்ஷன். பைத்தானின் உள்ளமைந்த வரிசையாக்கத்துக்காக 2002-இல் டிம் பீட்டர்ஸ் உருவாக்கிய டிம்சார்ட்டும் சிறு துண்டுகளை அடுக்க இன்செர்ஷனின் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகிறது. செருகும் இடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் என்பது மட்டும்தான் வேறுபாடு.

செலக்‌ஷனுக்கு இடமில்லையா என்றால், உண்டு. படிப்பது மலிவாகவும் எழுதுவது விலை கூடியதாகவும் இருக்கும் இடம் அது. ஒவ்வோர் இடமும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் எழுதுவதைத் தாங்கும் நினைவகச் சில்லுகள் இருக்கின்றன. 1000 எண்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டால், இன்செர்ஷனுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் நகர்த்தல் ஆகும். செலக்‌ஷன் 4,99,500 ஒப்பீடு செய்யும். இடமாற்றமோ எக்காரணத்தாலும் 999-ஐத் தாண்டாது.