அம்மாவின் டயாலிசிஸ் செலவும் கம்பெனி கிளைமும்: மூன்று வருஷ அனுபவம்

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். அம்மா பிறந்ததும், முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியதும் ரப்பர் தோட்டத்தில்தான். நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். 2022 ஜூனில் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்.

எங்கள் கம்பெனி கையேட்டில், 'ஊழியரைச் சார்ந்து வாழும்' தாய் தகப்பனின் சிகிச்சைச் செலவில் 80 விழுக்காட்டைத் திருப்பித் தருவோம், ஆளுக்கு வருஷம் 6,000 வெள்ளி வரை என்று போட்டிருக்கிறது. பதினொரு வருஷமாக அங்கே வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்தை அதுவரை திருப்பிப் பார்த்ததில்லை. பார்த்ததும் சிகிச்சை ரெசிட்டைக் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ரெசிட்டில் பெரிய சிக்கல் இல்லை. 'சார்ந்து வாழும்' என்ற அந்த இரண்டு சொல்தான் என்னை நாலு மாதம் அலைய விட்டது.

அப்புறம்தான் புரிந்தது, ஹெச்.ஆர். ஒரே வார்த்தையில் மூன்று விஷயம் கேட்கிறார்கள். இந்த அம்மா உன் அம்மாதானா? அவருக்குச் சோறு போடுவது நீதானா? இந்தச் செலவை வேறு யாரும் எங்கேயும் கிளைம் செய்யவில்லையே? மூன்றுக்கும் தனித்தனியாகப் பத்திரம் காட்ட வேண்டும்.

முதல் கேள்விதான் சுலபமானது என்று நினைத்தேன். என் பிறப்புச் சான்றிதழான சூராட் பெரானாக்கில் அம்மா பேர் இருக்கிறது, அம்மாவின் அடையாள அட்டையான ஐசியிலும் பேர் இருக்கிறது, இரண்டையும் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நான் பிறந்தபோது தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்ததை வைத்துப் பதிந்தார்களாம். அதில் லெட்சுமி என்ற பேர் 'ஒய்'யில் முடிகிறது, ஐசியில் 'ஐ'யில் முடிகிறது. தாத்தா பேர் முனியாண்டியிலும் இதே கதை. அதையாவது எழுத்துப் பிழை என்று விட்டிருப்பார்கள். எண்ணும் ஒத்துப் போகவில்லை. என் சூராட் பெரானாக்கில் இருப்பது அம்மாவின் பழைய ஐசி எண், ஏழு இலக்கம். இப்போது கையில் இருப்பது பன்னிரண்டு இலக்கம். பேரும் வேறு, எண்ணும் வேறு என்றால் கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். பிள்ளைக்கு அது இரண்டு பெண்கள்தான். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை.

எங்கள் தோட்டத்து வீடுகளில் நாற்பது, ஐம்பது வயது ஆட்கள் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். பிள்ளை படிக்கும்போது தெரியாது, கல்யாணத்தில் தெரியாது, இப்படி ஒரு கிளைமில்தான் தலை காட்டும்.

இதற்கு வழி, இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் ஒரு காகிதத்தைத் தேடுவது. அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னைக் கொட்டினேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், இபிஎஃப் காகிதம், நான் ஆறாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் பழைய நீல ஐசியின் போட்டோஸ்டாட். இப்போதைய ஐசியான மைகாட் எடுத்தபோது அசலை வாங்கிக்கொண்டார்கள், நகலை அம்மா எதற்கோ எடுத்து வைத்திருக்கிறார். அதில் புது எண்ணும் இருந்தது, பழைய எண்ணும் இருந்தது. எண் ஒத்துப்போனதும் முக்கால் பிரச்சினை முடிந்தது.

மீதி இருந்தது பேர். அதற்கு 1960-ஆம் ஆண்டு அக்குவான் பெர்காணூன் சட்டத்தின் கீழ் ஒரு சத்தியப் பிரமாணம் செய்யச் சொன்னார்கள். 'சூராட் பெரானாக்கில் உள்ள பேரும் ஐசியில் உள்ள பேரும் ஓராங் யாங் சாமா', அதாவது ஒரே ஆள், என்று அம்மாவே சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். இதில் ஒன்று கவனியுங்கள். நான் முதலில் என் பேரில் ஒரு பிரமாணம் எழுதிக் கொண்டுபோனேன், ஏற்கவில்லை. யாருடைய பேரோ அவர்தான் சொல்ல வேண்டுமாம். இரண்டு பேரையும் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும், இரண்டு எண்ணையும் போட வேண்டும்.

சத்தியப் பிரமாண ஆணையர் அலுவலகம் ஒரு கடைவீட்டு மாடியில். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து அம்மாவைப் படியேற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மலாயில் படித்தார், பிறகு தமிழில் அர்த்தம் சொல்லி, 'புரிஞ்சுதாம்மா?' என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். கட்டை விரலை மையில் வைத்து அழுத்தினால் காகிதத்தில் கறுப்பு வட்டம்தான் விழுந்தது, ஒரு கோடு இல்லை. மறுபடியும் அதே. உளிக்கத்தி பிடித்துப் பிடித்து அந்த விரலில் ரேகையே தேய்ந்து போயிருக்கிறது. கடைசியில் இடது கை விரலில் கொஞ்சம் கோடு தெரிந்தது, அதையே வைத்து முத்திரைச் சாப்பு குத்திக் கொடுத்தார். 'இடது' என்று பக்கத்தில் எழுதவும் மறக்கவில்லை.

இரண்டாவது கேள்வி, சோறு போடுவது யார் என்பது. இருபது வருஷமாகப் போடுகிறேன், ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. சம்பளம் வந்ததும் 500 வெள்ளியை அம்மா கையில் கொடுப்பேன், மளிகைக் கடைக் கணக்கைத் தீர்ப்பேன், மின்சாரக் கட்டணம் கட்டுவேன், அவ்வளவுதான். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி யார்? கம்பெனி கேட்டதோ ஆறு மாத வங்கிப் பரிமாற்றம். நல்ல வேளை, மின்சார பில் செத்துப்போன அப்பா பேரில் இருந்தாலும் கட்டணம் என் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதையும், என் ஐசியிலும் அம்மா ஐசியிலும் ஒரே முகவரி இருப்பதையும் காட்டி முதல் வருஷத்தை ஒப்பேற்றினேன். அந்த மாதத்திலிருந்து 500 வெள்ளியை வங்கி வழியாகத்தான் போடுகிறேன், குறிப்பில் 'அம்மா செலவு' என்று எழுதி. அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. 'பெத்த தாய்க்குக் காசு குடுக்கவும் ரெசிட்டா?' என்றார்.

அம்மாவின் வங்கிக் கணக்கையும் கேட்டார்கள். அதில் இரண்டு வில்லங்கம். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலிருந்து அம்மாவுக்கு மாதம் முந்நூற்றுச் சொச்சம் வருகிறது. ஓய்வூதியம் வருகிறவர் எப்படிச் சார்ந்திருப்பவர் ஆவார் என்று ஒரு கேள்வி வந்தது. கையேட்டைத் திரும்பப் படித்தேன். சொந்த வருமானம் மாதம் 1,000 வெள்ளிக்குள் இருக்கலாம் என்று அதிலேயே இருந்தது, அந்த வரியைச் சுட்டிக் காட்டினேன். கையேடு கையில் இல்லாமல் ஹெச்.ஆரிடம் பேசப் போகாதீர்கள். அவர்களே அதை முழுதாகப் படித்திருப்பதில்லை.

இன்னொன்று, ஒரு மாதத்தில் 2,400 வெள்ளி வரவு. என் சித்தி மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைச் சித்தி, 'அக்கா கணக்கில இருக்கட்டும்' என்று போட்டு வைத்தது. மூன்று வாரத்தில் எடுத்தும் விட்டார். அதற்குச் சித்தியிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டியதாகிவிட்டது. இப்போது அந்தக் கணக்கில் சொக்சோ பணமும் நான் போடுவதும் தவிர வேறு எதுவும் வராது.

மூன்றாவது கேள்விக்கு ஜொகூரில் லோரி ஓட்டும் தம்பியும் கல்யாணமாகிப் போன தங்கையும் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். 'அம்மாவுக்காக நாங்கள் எங்கும் கிளைம் செய்யவில்லை.' ஒரு பக்கம், ஐசி நகல், கையெழுத்து. தம்பி கடிதம் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது, அசல்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். தீபாவளிக்கு அவன் வரும்வரை காத்திருக்க முடியாது, பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன்.

இத்தனையும் முடிந்து கோப்பு ஏற்கப்பட்டபோது அக்டோபர் 5. அதற்குள் இன்னொரு இடி. ரெசிட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் கிளைம் போட வேண்டுமாம். ஜூன், ஜூலை ரெசிட்டுகள் காலாவதி. நான் பத்திரமெல்லாம் சேர்ந்த பிறகு மொத்தமாகப் போடலாம் என்று வைத்திருந்தேன், அதுதான் தப்பு. ரெசிட்டை அந்தந்த மாதம் போட்டு, பெற்றுக்கொண்டதாகச் சாப்பு வாங்கிவிட வேண்டும். சார்பு நிரூபணம் பின்னால் வரலாம். எங்கள் கம்பெனியில் போட்ட தேதியைத்தான் பார்க்கிறார்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோது வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. எங்கள் மையத்தில் தடவைக்கு 110 வெள்ளி, மாதம் சராசரி 13 தடவை, ஆக 1,430. அதில் 80 விழுக்காடு 1,144. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதத்துக்கு 5,720 வெள்ளி கிடைத்தது. இரண்டு மாதத்தையும் போட்டிருந்தாலும் உச்சவரம்பு 6,000தான். நான் இழந்தது 280 வெள்ளி.

இந்த உச்சவரம்புதான் திட்டத்தின் உண்மையான குறை. முழு வருஷத்துக்கு எங்கள் செலவு 17,160 வெள்ளி. மே மாதத்தோடு 5,720 தீர்ந்துவிடும், ஜூனில் 280 வரும், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு காசும் இல்லை. அதனால் முதல் ஐந்து மாதம் வருகிற பணத்தில் பாதியைத் தொடாமல் எடுத்து வைக்கிறேன், அது இரண்டாம் பாதிக்கு.

மீதி 11,160 என் பணம். இதை வருமான வரியில் காட்டலாம், பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு. கம்பெனி திருப்பிக் கொடுத்த 6,000ஐ இதில் சேர்க்கக் கூடாது. அதனால் ஜனவரியில் ஹெச்.ஆரிடம் அந்த வருஷம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு காகிதம் வாங்கி, ரெசிட்டுகளோடும் மருத்துவர் கடிதத்தோடும் வைக்கிறேன். ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். என் வருமானப் படிக்கு 6 விழுக்காடு, ஆக 480 வெள்ளி மிச்சம். நாலு தடவை டயாலிசிஸுக்கு ஆகும்.

ரெசிட்டைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். மையத்தில் மாதக் கடைசியில் கணக்குத் தாள் ஒன்று தருவார்கள், அது ரெசிட் இல்லை. அதிகாரப்பூர்வ ரெசிட் என்று கேட்டு, அம்மாவின் பேர், ஐசி எண், 'ஹீமோடயாலிசிஸ் 13 தடவை' என்ற விவரம், பணம் கட்டியவர் என்று என் பேர், இவ்வளவும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். முதல் மாதம் 'கட்டணம்' என்று மட்டும் எழுதியிருந்தது, எதற்கான கட்டணம் என்று கேட்டுத் திரும்பி வந்தது.

இந்த வருஷம் ஹெச்.ஆரில் ஆள் மாறிவிட்டது. ஜனவரியில் புதுப்பிக்கும்போது மின்னஞ்சல் வந்தது: 'சூராட் பெரானாக்கில் தாயார் பெயர் வேறாக உள்ளது, விளக்கவும்.' பிஸ்கட் டின்னைத் திறக்கவில்லை. சாப்பு குத்திய அந்தப் பிரமாணத்தை ஸ்கேன் செய்து கைப்பேசியில் வைத்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அனுப்பினேன். அடுத்த நாள் 'அசல் தேவை' என்று பதில் வந்தது.