ஹீட் மேப்புக்கு வானவில் நிறமா, விரிடிஸா?

ஒரு ஊரின் நிலப்பரப்பு வெப்பநிலையை ஹீட் மேப்பாக வரைய வேண்டியிருந்தது. மதிப்புகள் 20 முதல் 40 டிகிரி வரை. பழைய `jet` என்ற வானவில் நிற அளவுகோலையும் `viridis` என்ற நிற அளவுகோலையும் ஒரே தரவில் போட்டுப் பார்த்து, விரிடிஸை எடுத்துக்கொண்டேன். இரண்டில் எது அழகு என்பது அவரவர் ரசனை. எது மதிப்பைச் சரியாகக் காட்டுகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கண் முதலில் கவனிப்பது வெளிச்சத்தை, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதை. அதை அளக்க L* என்ற எண் உண்டு: கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. மதிப்பு ஏற ஏற இந்த எண்ணும் ஒரே சீராக ஏறினால், படத்தில் தெரியும் வேறுபாடும் தரவில் உள்ள வேறுபாடும் ஒத்துப்போகும்.

ஜெட்டில் என்ன நடக்கிறது என்று எண்களில் பார்க்கலாம். 22.5 டிகிரியில் வருவது சுத்த நீலம், L* சுமார் 32. 27.5-ல் நீலப்பச்சை, L* 90-ஐத் தொட்டுவிடுகிறது. ஐந்தே டிகிரியில் கிட்டத்தட்ட 60 புள்ளி ஏற்றம். அடுத்து 33 டிகிரியின் மஞ்சள் வரை L* அநேகமாக அசைவதே இல்லை. அப்புறம் 38-ல் சிவப்பு வரும்போது 50 பக்கம் இறங்கிவிடுகிறது. 40-ல் அடர்சிவப்பு, வெறும் 25.

இதன் விளைவு படத்தில் நேரடியாகத் தெரியும். 29 டிகிரி ஏரிக்கரையும் 31 டிகிரி தெருவும் இளம்பச்சையில் கரைந்து, ஒரே மாதிரி தோன்றும். ஆனால் 32 டிகிரியும் 34 டிகிரியும் பச்சை, ஆரஞ்சு எனப் பிரிந்து நிற்கும். இரண்டு இடத்திலும் வேறுபாடு அதே 2 டிகிரிதான். பார்ப்பவர் 33-ல் ஏதோ எல்லைக்கோடு ஓடுகிறது என்று நினைப்பார். அந்தக் கோடு தரவில் இல்லை, மஞ்சள் நிறத்தில்தான் இருக்கிறது. இதே படத்தைக் கருப்புவெள்ளையில் அச்சடித்தால் நிலைமை இன்னும் மோசம்: 40 டிகிரியும் 21.5 டிகிரியும் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஊரிலேயே அதிகம் சுடும் இடமும் நன்றாகக் குளிர்ந்த இடமும் பிரித்தறிய முடியாமல் போகின்றன.

விரிடிஸ் அடர் ஊதாவில் தொடங்கி நீலம், பச்சை வழியாக மஞ்சளில் முடிகிறது. L* சுமார் 15-லிருந்து 90 வரை திரும்பாமல் ஏறுகிறது. நம் 20 டிகிரி வீச்சில், டிகிரிக்கு நான்கு புள்ளிக்குச் சற்றுக் குறைவு, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இந்த ஏற்றம் தெரியும். பைத்தானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பின் 2017-ல் வந்த 2.0 பதிப்பு, இயல்புநிலையாக இருந்த ஜெட்டை எடுத்துவிட்டு இதை வைத்தது.

தரவு எதுவும் இல்லாமல், சீராக ஏறும் ஒரு பட்டையை வரைந்தாலே இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்துவிடும்:

```python
import numpy as np, matplotlib.pyplot as plt
r = np.tile(np.linspace(20, 40, 256), (40, 1))
fig, ax = plt.subplots(2)
ax[0].imshow(r, cmap="jet")
ax[1].imshow(r, cmap="viridis")
plt.show()
```

ஜெட்டில் கோடுகோடாகப் பட்டைகள் தெரியும். விரிடிஸில் தெரியாது. படத்தைச் சேமித்துச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் சந்தேகமே இருக்காது.

கூகுள் 2019-ல் வெளியிட்ட `turbo` ஜெட்டைவிட வழுவழுப்பானது, பொய்க்கோடுகளும் குறைவு. ஆனால் அதிலும் வெளிச்சம் நடுவரை ஏறி, பிறகு இறங்குகிறது. கருப்புவெள்ளைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. வானவில்லுக்கு ஒரு சாதகமும் உண்டு: நிறப்பெயர்கள் அதிகம் என்பதால், அளவுகோலைப் பார்த்து "இது 36 பக்கம்" என்று மதிப்பை வாசிப்பது எளிது. வானிலை ரேடார் படங்களோடு பழகியவர்கள் வானவில்லை விடத் தயங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அந்தத் துறையில் நான் வேலை செய்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

விரிடிஸிலும் ஒரு குறை இருக்கிறது. வெள்ளைத் தாளில் அடர்நிறம்தான் அதிகம் என்று பலர் எடுத்துக்கொள்வார்கள், இங்கோ வெளிர்மஞ்சள்தான் அதிகம். அச்சுக்குப் போகும் படம் என்றால் `viridis_r` என்று திருப்பிப் போடுகிறேன். இன்னொரு விஷயம்: மேகம் மறைத்துத் தரவு இல்லாமல் போன இடங்கள் வெள்ளையாக விடப்பட்டால், பக்கத்தில் உள்ள வெளிர்மஞ்சளோடு கலந்து உச்ச வெப்பம் மாதிரித் தோன்றும். அவற்றுக்குச் சாம்பல் கொடுத்துவிடுவேன்.

சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும் வரைபடம் என்றால் விரிடிஸும் பொருந்தாது. அதற்கு நடுவில் வெளிறி இரு பக்கமும் அடர்ந்து போகும் `RdBu_r` போன்ற அளவுகோல் வேண்டும், அந்த வெளிர் நடு சரியாக 0-இல் உட்கார வேண்டும். வீச்சு −2 முதல் +6 வரை இருந்தால், அளவுகோலின் இரு முனைகளை `vmin=-6, vmax=6` என்று கொடுத்தால் அது நடக்கும்.